விற்ற கையோடு வாங்கும் ஸ்கிரிப்ட்: செட்டில் ஆன பணத்தை எப்படிப் பார்ப்பது? (அமெரிக்கக் கேஷ் அக்கவுண்ட், கேள்வி பதில்)

விற்றதும் கணக்கில் பணம் காட்டுகிறது, ஸ்கிரிப்ட் அதே நிமிடம் வேறு பங்கை வாங்கிவிடுகிறது. புரோக்கர் தடுக்கவே இல்லையே, அப்புறம் என்ன தப்பு?

வாங்கியது தப்பில்லை. அந்தப் பணம் செட்டில் ஆவதற்கு, அதாவது உண்மையாகவே உங்கள் கணக்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே புதுப் பங்கையும் விற்றால்தான் தப்பு. இதைத்தான் குட் ஃபெய்த் வயலேஷன் என்கிறார்கள். வாங்கும்போது எதுவும் தடுக்காததால் ஸ்கிரிப்ட் சரியாக ஓடுவது போலவே தெரியும். மாட்டிக்கொள்வது அடுத்த விற்பனையில்தான். பல புரோக்கர்களிடம் 12 மாதத்துக்குள் இப்படி மூன்று சேர்ந்தால், 90 நாளைக்குச் செட்டில் ஆன பணத்தில் மட்டும்தான் வாங்க முடியும். எண்ணிக்கை புரோக்கருக்குப் புரோக்கர் மாறும், உங்களுடைய ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பணமே கட்டாமல் வாங்கி, அதை விற்ற காசிலேயே அந்தக் கடனை அடைப்பது இதைவிடக் கடுமையானது. அதற்கு ஒரு தடவையே 90 நாள் முடக்கம் வரலாம்.

2024 மே 28 முதல் டி+1 தானே? நான் விற்றபின் `sleep(86400)` போட்டுவிட்டேன். 24 மணி நேரம் போதும்.

டி+1, அதாவது விற்ற நாளுக்கு அடுத்த வேலை நாளில் செட்டில் ஆகும் என்பது சரி, 24 மணி நேரம் என்பது சரியில்லை. கணக்கு மணியில் இல்லை, வேலை நாளில். செவ்வாய் காலை பத்து மணிக்கு விற்றாலும் மாலை மூன்றரைக்கு விற்றாலும் செட்டில்மென்ட் புதன்கிழமைதான். வெள்ளி விற்றது திங்கள்தான் ஆகும். உங்கள் ஸ்கிரிப்ட் சனிக்கிழமை கண்விழித்து, பணம் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளும். மணி நேரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் செட்டில்மென்ட் தேதியை எழுதி வையுங்கள்.

தேதி கணக்குப் போட்டுத்தான் நான் செய்தேன், அப்படியும் மாட்டினேன். 2025 அக்டோபர் 10 வெள்ளி 6,000 டாலருக்கு விற்றேன், உடனே 5,900-க்கு வேறொன்று வாங்கினேன். திங்கள் சந்தை திறந்திருந்தது, விற்றேன். கடிதம் வந்துவிட்டது. எப்படி?

அந்தத் திங்கள், அக்டோபர் 13, கொலம்பஸ் தினம். பங்குச் சந்தை நடக்கும், ஆனால் வங்கிகளுக்கு விடுமுறை என்பதால் அது செட்டில்மென்ட் நாள் ஆகாது. வெள்ளி விற்றதும் திங்கள் விற்றதும் சேர்ந்தே செவ்வாய் 14 அன்றுதான் செட்டில் ஆகும். உங்களிடம் ஏற்கெனவே செட்டில் ஆன பணம் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5,900-இல் 5,500 இன்னும் வராத பணம். செவ்வாய் வரை பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நவம்பர் 11, வெட்டரன்ஸ் தினமும் இப்படித்தான். குட் ஃபிரைடே இதற்கு நேர் எதிர்: அது கூட்டரசு விடுமுறை இல்லை, ஆனால் சந்தை மூடியிருக்கும். அதனால் பங்குச் சந்தை நாட்காட்டி மட்டும் போதாது, கூட்டரசு விடுமுறைப் பட்டியல் மட்டும் போதாது. இரண்டிலும் திறந்திருக்கும் நாளைத்தான் அடுத்த செட்டில்மென்ட் நாளாக எடுக்க வேண்டும். பைத்தானில் pandas-இன் `USFederalHolidayCalendar`-ஐ நியூயார்க் சந்தை நாட்காட்டியோடு சேர்த்துப் பார்த்தால் இந்த ஓட்டை அடைபடும்.

நாட்காட்டியே வேண்டாம், கணக்கிலிருந்து நேரடியாக எண்ணை எடுக்க முடியாதா? நான் ஐபிகேஆர் புரோக்கரின் ஏபிஐ, `ib_insync` பயன்படுத்துகிறேன்.

முடியும், எந்த எண் என்பதுதான் விஷயம். `TotalCashValue` விற்ற பணத்தையும் சேர்த்தே காட்டும். `BuyingPower` வேறு கேள்விக்கான பதில். உங்களுக்கு வேண்டியது `SettledCash`. விற்ற பணத்தை அது செட்டில் ஆன பிறகே சேர்க்கும், வாங்கியதையோ வாங்கிய அன்றே கழித்துவிடும்.

```python
def settled(ib):
    for v in ib.accountSummary():
        if v.tag == "SettledCash" and v.currency == "USD":
            return float(v.value)
    return 0.0
```

கடைசி வரியை மாற்றாதீர்கள். எண் கிடைக்கவில்லை என்றால் வாங்கக் கூடாது, அதனால்தான் பூஜ்யம்.

இதில் ஒரு குழி உண்டு. இந்த அக்கவுண்ட் சம்மரி மாறிய எண்களை மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் அனுப்பும். 3,000 டாலர் செட்டில் ஆகி இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஒரே நொடியில் இரண்டு பங்குக்குத் தலா 2,500 ஆர்டர் போடுகிறது என்றால், இரண்டு முறையும் அதே 3,000-ஐத்தான் படிக்கும். நிறைவேறாமல் நிற்கும் ஆர்டர்களும் அந்த எண்ணில் கழிந்திருக்காது. ஆகவே காலையில் எண்ணை ஒரு தடவை எடுத்து, ஆர்டர் போடும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் தன் குறிப்பேட்டில் தானே கழிக்கட்டும். அதே நாளில் மறுபடி படித்தால், படித்த எண், குறிப்பேட்டு எண் இரண்டில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? தப்பு விற்பதில்தான் என்றீர்கள். விற்கும் இடத்தில் தேதி பார்த்தால் போதாதா?

நல்ல கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஒவ்வொரு வாங்கலோடும் 'இந்தத் தேதிக்கு முன் விற்காதே' என்று ஒரு குறிப்பு. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் வராத பணத்தில் வாங்கிய பங்கு அன்றே சரிந்தது, ஸ்டாப் லாஸ் ஆர்டர் விற்றுவிட்டது. அந்த ஆர்டர் புரோக்கரிடம் கிடக்கிறது, என் குறிப்பை அது பார்க்காது. ஸ்டாப்பை எடுத்திருந்தால் வயலேஷன் வந்திருக்காது, ஆனால் சரிவை முழுவதும் நான் தாங்க வேண்டும். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

ஸ்டாப் வைக்கும் ஸ்கிரிப்ட் என்றால் வாங்கும் இடத்திலேயே செட்டில் ஆன பணத்தோடு நிறுத்துங்கள். வாங்கி வாரக்கணக்கில் வைத்திருக்கிற, ஸ்டாப் இல்லாத முறை என்றால் விற்கும் இடத்தில் பார்ப்பது போதும்.

நான் சென்னை. என்எஸ்இ-யில் விற்ற பணத்தில் அன்றே வாங்கி அன்றே விற்கிறேன், டி+1 தான், ஒன்றும் ஆகவில்லையே?

அங்கே விதி வேறு. செட்டில்மென்ட் சுழற்சி ஒன்றாக இருந்தாலும், இந்த 90 நாள் விவகாரம் அமெரிக்காவின் ரெகுலேஷன் டி என்ற விதியும் அங்குள்ள புரோக்கர்களின் நடைமுறையும் சேர்ந்தது. உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மார்ஜின் அக்கவுண்ட்டுக்கு மாறிவிட்டால்?

குட் ஃபெய்த் வயலேஷன் போய்விடும். குறைந்தது 2,000 டாலர் வேண்டும். ஸ்கிரிப்ட்டில் ஒரு பிழை இருந்தால் கடன் வாங்கியும் பங்கு வாங்கிவிடும், வட்டி ஓடும். கேஷ் அக்கவுண்ட்டின் தடையைப் பாதுகாப்பாக நினைப்பவர்கள் மாற வேண்டியதில்லை.

பாதி செட்டில் ஆன பணம், பாதி ஆகாதது. சேர்த்து வாங்கிய பங்கில் பாதியை மட்டும் அன்றே விற்றால்?

செட்டில் ஆன பணத்தில் வாங்கிய பாதியைத்தான் விற்றேன் என்று நீங்கள் சொல்லலாம். புரோக்கரின் கணக்கு அப்படிப் பிரிக்குமா என்பதற்கு எல்லோரிடமும் ஒரே பதில் இல்லை. செட்டில்மென்ட் நாள் காலை, சந்தை திறந்த முதல் நிமிடத்திலேயே விற்கலாமா என்பதும் அப்படித்தான். இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை என் ஸ்கிரிப்ட்டில் கலப்புப் பணத்தில் வாங்கியது முழுவதையும் செட்டில் ஆகாததாகவே குறித்து வைத்திருக்கிறேன்.