சோலார் அப்ல மத்தியான கிராஃப்: தட்டையா நிண்டா என்ன, பல்லுப்பல்லா விழுந்தா என்ன

"அண்ணே, கல்லடியில எங்கட வீட்டுல 5 கிலோவாட் இன்வேட்டர், 540 வாட் பெனல் 12 கிடக்கு. முந்தி மத்தியானம் கிராஃப் மேல தட்டையா நிக்கும், இப்ப ரெண்டு மாசமா பல்லுப்பல்லா விழுது, யூனிட்டும் குறைஞ்சிட்டு. இன்வேட்டர் போகப்போகுதா?"

தம்பி, தட்டையா நிண்டது பழுதில்ல. 12 பெனலும் சேர்ந்தா 6480 வாட், இன்வேட்டர் 5000க்கு மேல விடாது, அதால நல்ல வெயில் நாள்ல கிராஃப் 5.0ல முட்டி அப்பிடியே ஒரு ரெண்டு மூண்டு மணித்தியாலம் நிக்கும், இதத்தான் கிளிப்பிங் எண்டுறது. சந்தேகமெண்டா அந்த நேரத்து PV1, PV2 எண்ட ரெண்டு பெனல் வரிசையிட வோல்டேஜையும் பாருங்க, கொஞ்சம் மேல ஏறியிருக்கும், ஏனெண்டா இன்வேட்டரே வேணுமெண்டு பெனலை கூடின வோல்டேஜுக்குத் தள்ளி கரண்டைக் குறைச்சு எடுக்குது. தகரக் கூரைச் சூட்டுல பெனல் முழு 6480ஐயும் தாறது அருமை, அதால இதுல போற யூனிட் கொஞ்சந்தான். 5.0க்குப் பதிலா 4.1, 4.2ல தட்டையா நிண்டா மட்டும் யோசிக்கணும், யாரோ செட்டிங்ல லிமிட் போட்டிருக்கலாம். கச்சான் காலத்துல மத்தியானத்துக்குப் பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கி, இன்வேட்டர் டெம்பரேச்சர் கோடு மட்டும் உச்சியில நிண்டா அது சூடு, மேற்குச் சுவர்ல வெயில் அடிக்க மாட்டியிருக்கா, ஃபேன்ல தூசி அடைச்சிருக்கா எண்டு பாருங்க.

உங்கட பல்லுதான் விஷயம். அப்ல பவர் கோட்டோட AC வோல்டேஜ் கோட்டையும் ஒண்டா டிக் பண்ணிப் பாருங்க. பவர் விழுற ஒவ்வொரு இடத்துக்கும் சரியா முன்னுக்கு வோல்டேஜ் 250ஐத் தாண்டுதெண்டா இன்வேட்டர் தன்னைக் காப்பாத்த நிக்குது, மறுகா கொஞ்ச நேரம் பொறுத்து திரும்ப ஏறுது, அவ்வளவுதான். அலாம் லிஸ்ட்ல OV-G-V அல்லது AC V Outrange எண்ட மாதிரி கிடக்கும். ஒண்டு கவனிங்க, அப் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காத்தான் புள்ளி போடும், அதால சின்ன நிப்பு கிராஃப்ல பூச்சியம் வரை வராம அரைவாசிப் பள்ளமாத்தான் தெரியும், அலாம் லிஸ்ட்டையும் பாக்காம முடிவெடுக்காதீங்க.

இந்த வோல்டேஜ் எங்க ஏறுது எண்டதுதான் அடுத்த கேள்வி. இலங்கையில லைன் 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அதாவது ஏறக்குறைய 216லிருந்து 244 வரை இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை, போயா நாள்ல கடை, கந்தோர் எல்லாம் பூட்டியிருக்கக்குள்ள பல்லு கூடுதெண்டா பெரும்பாலும் லைன் பக்கம், ரோட்டுல எல்லாரும் சோலார் விடுறாங்க, எடுக்க ஆளில்ல. எல்லா நாளும் ஒரே மாதிரி எண்டா உங்கட வயரைச் சந்தேகப்படுங்க.

இதே மாதிரி கடற்கரைப் பக்கத்து வீடொண்டுக்குப் போனன். இன்வேட்டர் ஸ்க்ரீன்ல 252, அதே நேரம் மீட்டர் அடியில அளந்தா 243, கரண்ட் 18 அம்பியர். நடுவுல 9 வோல்ட் காணாமப் போகுது, 9ஐ 18ஆல பெருக்கினா 162 வாட், அவ்வளவும் வயருக்குள்ளயோ ஜொயின்ட்லயோ சூடாகுது. லைனை நிப்பாட்டி ஏசி ஐசலேட்டர் எண்ட கட்-ஓஃப் சுவிட்சைத் திறந்தா ஒரு ஸ்க்ரூவைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பா உருகி, செம்புல உப்புக்காத்துப் பச்சை படிஞ்சு கிடக்கு. ஐசலேட்டரையும் மாத்தி வயர் நுனியையும் வெட்டிப் புதுசா முறுக்கினோம், வித்தியாசம் 2 வோல்ட்டுக்கு வந்திட்டு, பல்லும் போயிட்டு. விட்டிருந்தா நெருப்புத்தான் பிடிச்சிருக்கும், அதால இந்த அளவை எலக்ட்ரீசியனை வெச்சு இந்தக் கிழமையே எடுங்க. மீட்டர் அடியிலயும் 250 காட்டினா ஸ்க்ரீன்ஷொட்டோட மின்சார சபையில முறைப்பாடு குடுங்க, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் டெப்பை அவங்கதான் மாத்தணும்.

டிசி வயர்ல ஈரம் இறங்கின பழுதோட முதல் அறிகுறி மத்தியானத்துல இல்ல, விடியலிலதான் தெரியும். மழை பெய்ஞ்ச மறுநாள் 6 மணி சொச்சத்துல தொடங்குற கிராஃப் 8 மணிக்குத் தொடங்கி, அலாம்ல PV Isolation Low எண்டு வந்து, வெயில் ஏறக் காணாமப் போனா டிசி வயர் எங்கயோ ஈரத்துல கிடக்கு, கூரையில கனெக்டர் தண்ணிக்குள்ள இருக்கலாம், அணில் கடிச்சிருக்கலாம். வாடைக்காலம் வர முதல் பாருங்க, நீங்களே கழட்டாதீங்க, ஓடிக்கொண்டிருக்கிற டிசி கனெக்டரை இழுத்தா தீப்பொறி கையச் சுடும்.

ரெண்டு வரிசையிலயும் ஒரே அளவு பெனல் இருந்து, ஒரே பக்கம் பாக்குதெண்டா PV1க்கும் PV2க்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கணும். வெயில் நாள்ல ஒரு பக்கம் நாள் முழுக்க 13, 14 வோல்ட் குறைவா நிண்டா ஒரு பெனல்ல மூண்டுல ஒரு பங்கு வேலை செய்யல்ல, அந்தப் பங்கைத் தாண்டிக் கரண்டை விடுற பைபாஸ் டயோட் போயிருக்கலாம். வோல்டேஜ் சரி, கரண்ட் மட்டும் குறைவெண்டா அழுக்கு அல்லது தென்னோலை நிழல்.