அறுபது அங்கே, எழுபது இங்கே

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு பழைய படம் திரையில் போடுகிறோம். யூடியூப்பில் எல்லாருக்கும் இருப்பதைத்தான் போடுகிறோம், ஒரு சதமும் வாங்குவதில்லை. 60 வருசம் கடந்த படத்துக்கு உரிமை இல்லை என்று சொல்கிறார்கள். பிறகு என்ன பிழை?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: உங்களுக்குச் சொன்னவர் இந்தியச் சட்டத்தைப் படித்திருக்கிறார். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செல்லுவது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் படத்துக்கு 70 ஆண்டு. வெளிவந்த நாளிலிருந்து எண்ணினாலும், முடிகிற ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை உயிரோடு இருக்கும். ஆகவே நடப்பு ஆண்டிலிருந்து 71ஐக் கழியுங்கள். கழித்துக் கிடைக்கிற ஆண்டிலும் அதற்கு முன்பும் வந்த படங்களுக்குத்தான் உரிமை முடிந்திருக்கும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இந்தியாவில் 2019 முடிவோடு காலாவதி. இங்கே 2029 முடியும்வரை பொறுக்க வேண்டும்.

சதம் வாங்காததும் உங்களைக் காப்பாற்றாது. குடும்பத்துக்கும் மிக நெருங்கியவர்களுக்கும் அப்பால் ஆட்கள் கூடினால் அது பொதுக் காட்சி. வாசிகசாலை மண்டபம் யாருடைய வீட்டு விறாந்தையும் அல்லவே. யூடியூப்பின் சொந்த நிபந்தனையும் தனிப்பட்ட பார்வைக்கு மட்டும்தான் இடம் தருகிறது. கூட்டத்துக்குத் திரையிடக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. வீட்டில் பார்ப்பதென்றால் தயாரிப்பு நிறுவனமே நடத்தும் சனலில் பாருங்கள், அதில் வில்லங்கமில்லை.

இனிப் பாட்டு. படத்தின் 70 வேறு, பாட்டின் 70 வேறு. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த ஆண்டிலிருந்துதான் பின்னது எண்ணப்படும். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் எழுதிய வரிக்கும் இங்கே 2051 முடியும்வரை உரிமை உண்டு. அதனால் பழைய தமிழ்ப் பேசும்படம் எதையும், ஆண்டு கடந்துவிட்டது என்ற ஒரே துணிவில் மண்டபத்தில் போடாதீர்கள். உரிமையாளரிடம் எழுத்தில் கேட்பதே வழி.

கேட்காமல் போடவேண்டுமென்றால் மௌனப் படத்துக்குப் போங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது, சார்லி சப்ளினின் 'த கோல்ட் ரஷ்' படத்தையே எடுத்துப் பார்ப்போம். 1925இல் வந்த மூலப் படத்துக்கு நமது 70 எப்போதோ கழிந்தது. அமெரிக்காவில் 95 ஆண்டுக் கணக்கு, அங்கேயும் 2021 ஜனவரி 1 முதல் அது பொதுச் சொத்து. ஆனால் 1942இல் சப்ளின் அதையே வெட்டித் திருத்தி, தன் குரலில் கதை சொல்லி, இசையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். அவர் இறந்தது 1977. அந்த இசைக்கு இங்கே 2047 வரை ஆயுள். இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில் கிடக்கின்றன.

பிரித்தறிவது சுலபம். இடையிடையே எழுத்து அட்டைகள் வந்தால் பழையது. ஆள் பேசிக் கதை சொன்னால் 1942. பழையது ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடும், மற்றது ஏறக்குறைய 72 நிமிடம். சந்தேகம் நீங்காவிட்டால் கடைசிக் காட்சியைப் பாருங்கள்: மூலத்தில் நாயகனும் நாயகியும் முத்தமிடுவார்கள், 1942இல் அதை வெட்டிவிட்டார்.

கோப்பை எங்கே எடுப்பது? archive.org இல் "The Gold Rush 1925" என்று தேடி, வலப்பக்கத்து இறக்கப் பட்டியலில் MPEG4 அல்லது h.264 எடுங்கள். அங்கே "Public Domain" என்று இருப்பது பதிவேற்றியவர் ஒட்டிய சீட்டு, தீர்ப்பு அல்ல. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். மேலே சொன்ன அடையாளங்களை நீங்களே பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் loc.gov இல் National Screening Room என்ற பகுதி இதைவிட நம்பகமானது. அங்கே நூலகமே உரிமைக் குறிப்பு எழுதுகிறது, பல படங்களை இறக்கவும் விடுகிறது.

கோப்பு சரியாக இருந்தாலும் அதன் ஒலி அண்மையில் யாரோ வாசித்துப் பதிந்த பியானோவாக இருக்கக்கூடும், அந்தப் பதிவுக்கு உரிமை தனி. அதோடு காட்சியை முகநூலில் நேரலை விட்டால் இசைக்காரரின் முறைப்பாடு வந்து பாதியில் ஒலி அறுந்துபோகும். ஒலியை முழுக்க நிறுத்திவிடுங்கள். கூத்துக்குக் கட்டியக்காரன் வைக்கிற ஊர் இது: எழுத்து அட்டைகளைத் தமிழில் உரக்கச் சொல்ல ஒருவர், பக்கத்தில் மத்தளமும் சல்லரியும் போதும். மொழிபெயர்ப்பை மட்டும் நீங்களே செய்யுங்கள். இணையத்தில் கிடக்கும் தமிழ் சப்டைட்டில் இன்றைக்கு உயிரோடிருக்கும் ஒருவருடைய எழுத்து.