பாத்ரூம் வாசலில் படுத்திருக்கும் நாய்

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு மூன்று வயது. அடுப்படிக்குப் போனாலும் மாடிக்குப் போனாலும் என் பின்னாலேயே வருகிறது, பாத்ரூமையும் விடுவதில்லை. கதவைச் சாத்தினால் வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. “சோறு போடுகிறவள் நீதானே, வராமல் என்ன செய்யும்?” என்கிறார் கணவர். “இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், இப்போதே அடக்கி வை” என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: இருவருமே நாயைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை, உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கணவரின் வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அடுப்படியில் தேங்காய்ச் சில்லோ, தோசையின் ஓரமோ என்றைக்காவது ஒருநாள் தவறி விழுந்திருக்கும். தினமும் கிடைப்பதைவிட எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைப்பதற்காகத்தான் விலங்குகள் அதிகம் சலிக்காமல் காத்திருக்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை காணப்பட்டதுதான். ஆனால் அது அடுப்படிக்குப் பொருந்துமே தவிர, தின்பதற்கு எதுவுமே இல்லாத பாத்ரூமுக்குப் பொருந்தாது. சோறு மட்டுமே காரணம் என்று அவர் நம்பினால், இரண்டு வாரம் தட்டை அவர் கையால் வைத்துப் பார்க்கட்டும். சோற்று நேரத்தில் நாய் அவர் பின்னால் போகும். மற்ற நேரமெல்லாம் உங்கள் பின்னால்தான் வரும் என்பது என் கணிப்பு. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் தீனி தருவதைவிடத் தலையைத் தடவிக்கொடுப்பதே தெருநாய்களிடம் நீடித்த நம்பிக்கையை வளர்த்தது. ஒருவேளைச் சோற்றுக்கே அலையும் நாய்களிடம் கண்டது அது என்பதைக் கணவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சோறு இல்லை என்றால் வேறு எது? புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தாயிடம் இருக்கும் பற்றை அறிவதற்காக மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் வகுத்த முறையை, அவர்கள் 51 நாய்களிடமும் அவற்றை வளர்த்தவர்களிடமும் செய்து பார்த்தார்கள். பழக்கமில்லாத ஓர் அறையில் நாயும் வளர்த்தவரும் இருப்பார்கள்; பிறகு அந்நியர் ஒருவர் வருவார்; வளர்த்தவர் வெளியே போவார்; கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருவார். வளர்த்தவர் உடனிருந்தபோது நாய்கள் அறையைச் சுற்றி மோந்து பார்த்தன, விளையாடின. அவர் வெளியே போனதும் அந்த விளையாட்டு குறைந்தது. நாய்கள் கதவருகே போய் நின்றன. அந்நியர் திரும்பி வந்தபோது காட்டாத ஆர்வத்தை வளர்த்தவர் திரும்பியபோது காட்டின. வளர்த்தவர் இருக்கும் இடத்தைத் தனக்குப் பத்திரமான இடமாக நாய் கொள்கிறது என்பதே இதிலிருந்து கிடைப்பது. ஆகவே நீங்கள் எழுந்து நடந்தால் அந்த இடமும் நகர்கிறது, நாயும் கூடவே நகர்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர்களின் நாய் நாள் முழுவதும் காடு காடாக ஆட்களின் பின்னால் நடக்கிறது. அது ஏன் வருகிறது என்று எந்தக் கீதாரியும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதில்லை. அதே நடையை நாலு அறைக்குள் அடைத்துவிட்டால்தான் நமக்கு விசித்திரமாகத் தெரிகிறது.

பாத்ரூமுக்கென்று தனி மர்மம் ஏதும் கிடையாது. நம் வீடுகளில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நீங்கள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறை அது ஒன்றுதான் என்பதால், நாயின் பார்வையிலிருந்து நீங்கள் மறைவதும் அங்கேதான். சித்திரை வெயிலில் அந்த ஈரத் தரையின் குளிர்ச்சியும் அதற்குக் கூடுதல் காரணமாக இருக்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது: கதவைச் சாத்தினால் படுத்துக்கொள்கிறது. பின்னால் வருவது மட்டும் நோயல்ல. கதவு சாத்தியபிறகு என்ன செய்கிறது என்பதை வைத்தே அது பற்றா, பிரிவைத் தாங்காத பதற்றமா என்று பிரிக்கவேண்டும். படுத்து, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடுகிற நாயை அடக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை. இதை மாமியாரிடம் பணிவாகவே சொல்லுங்கள்.

இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். செல்பேசியில் வீடியோவை ஓடவிட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாமல் அரைமணி நேரம் கடைக்குப் போய் வாருங்கள். பதற்றமுள்ள நாய் என்றால் அநேகமாக முதல் சில நிமிடங்களிலேயே அது தெரிந்துவிடும்: நிற்காமல் அங்குமிங்கும் நடக்கும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும், ஊளையிடும், வாசற்கதவையும் நிலையையும் பிறாண்டும், வெளியே போய்ப் பழகியது வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், பிடித்த தீனியைப் போட்டுவிட்டுப் போனாலும் தொடாது. சும்மா இருக்கச் சலித்து அட்டகாசம் செய்யும் நாயோ அந்தத் தீனியை முதலில் தின்று முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கடிக்கும்.

ஆரப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெருந்தொற்று ஊரடங்கில் எந்நேரமும் ஆள் நிறைந்த வீட்டில் குட்டியாக வளர்ந்த நாய், அந்த வீட்டு அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும் வாசற்கதவின் அடிப்பலகையை நகத்தாலேயே தேய்த்துவிட்டது. முதலில் அடித்தார்கள், தனிமைக்குப் பயந்த நாய்க்கு அவர்கள் திரும்பி வருவதும் பயமாகிப் போனது. பிறகு கால்நடை மருத்துவர் சொன்னபடி பாத்ரூம் கதவிலிருந்து தொடங்கினார்கள். ஐந்து விநாடி சாத்துவது, நாய் முனகத் தொடங்குமுன் திறந்து, ஒன்றும் நடக்காததுபோல் அதைக் கடந்து போவது. அதில் நிதானம் வந்தபின் பத்து, இருபது என்று கூட்டுவது, நடுவில் மறுபடி ஐந்துக்கு இறங்குவது. பிறாண்டிவிட்டால் அந்த நேரம் அதற்கு மிகுதி என்று கொண்டு மறுமுறை குறைத்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்வதும், பையை மாட்டிக்கொண்டு கறிவேப்பிலை ஆய்வதுமாகச் சாவிச் சத்தத்துக்கும் பிரிவுக்கும் இருந்த முடிச்சையும் அவிழ்த்தார்கள். இந்தப் பயிற்சி முடியும்வரை நாயை முழுநேரம் தனியாக விடாமல் பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள், அதுவே கடினமான பகுதி. மாதக்கணக்கில் பிடித்தது. பதற்றம் மிகுந்த சில நாய்களுக்கு இத்துடன் மாத்திரையும் தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுதவேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிவைத்த தூக்க மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது.

உங்கள் நாய்க்கு மூன்று வயதுதான் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதுவரை தனியாகக் கிடந்த ஒரு வயதான நாய் திடீரென்று ஆளை ஒட்டிக்கொண்டால், கண்ணோ காதோ மங்குகிறதா, எங்காவது வலிக்கிறதா, நினைவு தடுமாறுகிறதா என்று மருத்துவரிடம் பார்க்கவேண்டும்.

உள்ளே விடுவதா வேண்டாமா என்பது உங்கள் கூச்சத்தைப் பொறுத்தது. நாயைப் பொறுத்தவரை இரண்டிலும் கெடுதல் இல்லை. விடுவதென்றால், மூலையில் வைத்திருக்கும் பினாயில், ஆசிட் பாட்டில்களை மேல் தட்டுக்கு மாற்றுங்கள். பினாயில் விட்டுக் கழுவிய தரை நன்றாக அலசிக் காயும்வரை அதை வெளியிலேயே நிறுத்துங்கள், ஏனென்றால் அந்தத் தரையில் படுத்தெழும் நாய் பிறகு பாதத்தையும் வயிற்றையும் நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும்.