நாலு சொல் தெரியும், எதை யாருக்கு எழுதுவது?

வணக்கம் சார். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நோட்டில் ஆங்கில இணைச்சொற்களை எழுதி வருகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எட்டுப் பத்து சொற்கள் சேர்ந்துவிட்டன, பக்கத்தில் ஃபார்மல், இன்ஃபார்மல் என்றும் குறித்திருக்கிறேன். ஆனாலும் மாதிரிக் கடிதம் எழுதிக் காட்டினால் "இந்த இடத்தில் இந்தச் சொல் வராது" என்றே திருத்தி வருகிறது. நோட்டை எப்படி மாற்றினால் பயன்படும்?
– ம.

அன்புள்ள ம.,

ஒரு தொகுதிக்கு எட்டுப் பத்து சொல் அதிகம். நாலைந்து போதும். அவற்றையும் இணைச்சொல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். திருத்தி வந்த உங்கள் கடிதங்களை எடுத்து, எந்த வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று வட்டம் போட்டுப் பாருங்கள். ஆஸ்க், கெட், டெல், ஃபிக்ஸ் என்று சாதாரணச் சொற்களாகத்தான் இருக்கும். உங்களுக்கு மாற்றுச் சொல் தேவைப்படுவது அங்கேதான், ஆகவே உங்கள் நோட்டின் தலைப்புகளும் அவையே.

அடுத்து அந்த ஃபார்மல், இன்ஃபார்மல் குறிப்பு. இரண்டே பெட்டி வைத்தால் நடுவில் இருக்கும் பெரும்பகுதிச் சொற்களுக்கு இடமில்லாமல் போகிறது. மூன்றாக வையுங்கள்: நண்பருக்கு, எல்லோருக்கும், அலுவலகத்துக்கு. உங்கள் தேர்வில் வரும் கடிதமும் நண்பருக்கோ, ஓரளவு தெரிந்தவருக்கோ, முன்பின் தெரியாத அதிகாரிக்கோதான் இருக்கும் என்பதால், யார் படிக்கப்போகிறார்கள் என்று குறித்து வைப்பது நேரடியாக உதவும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஃபார்மல், இன்ஃபார்மல் என்று போட்டிருப்பார்கள். எதுவும் போடாவிட்டால் அது பெரும்பாலும் எல்லா இடத்திலும் செல்லும் சொல். முதலில் அந்தப் பொதுச்சொல்லை எழுதிவிட்டு, அதற்கு மேலே ஒன்றிரண்டு, கீழே ஒன்றிரண்டு என்று வளர்ப்பதுதான் எனக்குத் தெரிந்து சரியான வழி.

ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். தலைப்பு: கேட்பது.

நடுவில் 'ஆஸ்க் ஃபார்'. எல்லோருக்கும் ஆகும். ஒரு பொருளையோ உதவியையோ கேட்கும்போது 'ஃபார்' கூடவே வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அடுத்தது 'ரிக்வெஸ்ட்', அலுவலகத்துக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். வினைச்சொல்லாக வரும்போது அதற்குப் பின்னால் 'ஃபார்' கிடையாது, 'ஐ ரிக்வெஸ்டட் எ ரீஃபண்ட்' என்று நேராகப் போக வேண்டும். பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ ரீஃபண்ட்'. ஆஸ்க் இருந்த இடத்தில் ரிக்வெஸ்ட்டை வைத்துவிட்டு 'ஃபார்' அப்படியே தங்கிவிடுவதால் வரும் பிழை இது. வெறும் சொல்லை மட்டும் எழுதி வைத்த நோட்டு இதைக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது 'என்கொயர்'. இதுவும் அலுவலகத்துக்கானதுதான், ஆனால் தகவல் கேட்க மட்டும். கட்டண விவரத்தைப் பற்றி என்கொயர் செய்யலாம், பணத்தைத் திரும்பக் கேட்க அது உதவாது. பின்னால் 'அபவுட்' வரும். நான்காவதாக உங்கள் நோட்டில் 'டிமாண்ட்' இருக்கும் என்று நினைக்கிறேன். அதை இந்தத் தொகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கனமாக ஒலிப்பதால் ஃபார்மல் என்று தோன்றும், உண்மையில் அங்கே கூடியிருப்பது மரியாதை இல்லை, அழுத்தம். பணிவாக உதவி கேட்கும் கடிதத்தில் அதை வைத்தால் மிரட்டுவது போல ஆகிவிடும். நம் மொழியிலேயே 'காலமானார்', 'செத்துப்போனார்' இரண்டுக்கும் செய்தி ஒன்று, இடம்தான் வேறு. 'கொல்லப்பட்டார்' என்றால் செய்தியே வேறு. டிமாண்ட் அந்த மூன்றாவது வகை. இடம் மாறுகிறதா பொருளே மாறுகிறதா என்று ஒவ்வொரு சொல்லிலும் பார்த்துவிட்டுத்தான் அதைத் தொகுதிக்குள் விட வேண்டும்.

அப்புறம், கடிதத்தில் ஒன்றைக் கேட்க உண்மையில் பயன்படுவது தனிச்சொல்லே இல்லை, முழுத் தொடர். அதனால் தொகுதியில் தொடர்களையும் சேருங்கள். நண்பருக்கு 'கேன் யூ'. ஓரளவு தெரிந்தவருக்கு 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்'. அதிகாரிக்கு 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்'. நம்மில் பலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு' இலக்கணப்படி சரிதான், ஆனால் இன்றைய கடிதத்தில் விறைப்பாக இருக்கும், அந்த இடத்துக்கு கிரேட்ஃபுல் தொடரே நல்லது.

ஆக ஒரு வரிக்கு நான்கு விஷயம் இருந்தால் போதும்: சொல், யாருக்கு, பின்னால் என்ன ஒட்டும், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை அகராதியிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். உங்கள் பழைய கடிதத்தில் வட்டம் போட்ட வரியையே புதுச் சொல்லோடு திருப்பி எழுதுங்கள். சொல் பொருந்தவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விதியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு சொல் சேர்ந்த வினை எல்லாம் பேச்சுவழக்கு, ஒற்றைச் சொல் எல்லாம் ஃபார்மல் என்று. 'புட் ஆஃப்', 'போஸ்ட்போன்' ஜோடிக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் 'கேரி அவுட்' அறிக்கைகளில் தாராளமாக வரும் சொல், அதை எடுத்துவிட்டு வேறு தேட வேண்டிய அவசியமே இல்லை. விதியை நம்பிக் குறிக்காமல் ஒவ்வொன்றையும் அகராதியில் பாருங்கள்.

திருப்பிப் படிக்கும்போது 'ஆஸ்க் என்றால் இன்னும் மூன்று சொல் சொல்' என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிப் படித்தால் பட்டியல்தான் மனப்பாடம் ஆகும், தேர்வறையில் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். அட்டையின் முன்பக்கத்தில் சூழலை எழுதுங்கள்: 'வாங்கிய பொருள் பழுது, நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும்.' பின்பக்கத்தில் அதற்கான ஒரே வாக்கியம். அதே சூழலை நண்பரிடம் சொல்வது போல இன்னொரு அட்டை. இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்துக் கலைத்துப் படியுங்கள்.

இதற்கு மதிப்பெண்ணிலும் நேரடித் தொடர்பு உண்டு. கடிதத்துக்கு 4 அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பு, அதில் ஒன்று சொல்வளம். ஆனால் கடிதத்தின் தொனி கடைசிவரை ஒரே சீராக இருக்கிறதா என்பதை இன்னொரு அளவுகோலில், கேட்டதைச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்கும் இடத்தில், கவனிக்கிறார்கள். முதல் பத்தியில் 'ஐ வுட் பி கிரேட்ஃபுல்' என்று தொடங்கிவிட்டு மூன்றாம் பத்தியில் 'கிட்ஸ்', 'கான்ட்' என்று இறங்கினால் இரண்டு இடத்திலும் அடி விழும். 20 நிமிடத்தில் 150 சொற்களாவது எழுத வேண்டிய கடிதத்தில் இதைச் சரிபார்க்கக் கடைசி இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள், வினைச்சொற்களையும் சுருக்க வடிவங்களையும் மட்டும் பார்த்தால் போதும்.

இப்போதைக்கு ஆஸ்க், கெட், டெல் மூன்றுக்கு மட்டும் தொகுதி போட்டு, ஒரே விஷயத்தை நண்பருக்கு ஒன்றும் அதிகாரிக்கு ஒன்றுமாக இரண்டு கடிதம் எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்த கடிதங்களிலும் உங்கள் கையில் வராத சொல் இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்வு முடியும்வரை அதை அடித்துவிடுங்கள்.