பால் போல வந்த நெஞ்சு நீர் சீழ்தானா?

கேள்வி: என் பூனைக்கு ஆறு வயது. மூச்சு வாங்கியதால் நெஞ்சிலிருந்து இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. சீழ் என்று சொல்லி பத்து நாளாக ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். மறுபடியும் மூச்சு வாங்குகிறது. ரிப்போர்ட்டில் 'எக்ஸுடேட், செல் 8,600, லிம்போசைட் 72 சதவீதம், புரோட்டீன் 4.2' என்று இருக்கிறது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இன்றே நீரை எடுக்க வேண்டும், சோதனையெல்லாம் பிறகு. மூச்சுக்குத் தவிக்கும் பூனையை எக்ஸ்ரே மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் அங்கேயே இறந்துபோகலாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, பூனை குப்புற உட்கார்ந்த நிலையில், ஏழாவது எட்டாவது விலா எலும்புகளுக்கு இடையே மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியால் எடுப்பதுதான் முறை. எக்ஸ்ரேயை நீர் எடுத்த பிறகு எடுத்தால் நுரையீரலும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துப் பார்த்தால் இது சீழ் மாதிரி இல்லை. சீழ் என்றால் நுண்ணோக்கியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுதான் கூட்டமாகத் தெரியும், அதுவும் சிதைந்துபோய், பல நேரம் அந்தச் செல்லுக்குள்ளேயே கிருமியோடு. செல் எண்ணிக்கை பெரும்பாலும் பல பத்தாயிரங்களில் இருக்கும், நீரில் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருக்கும், பெரும்பாலும் நாற்றமும் அடிக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் நூற்றுக்கு 72 லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு. அது கைலின் அடையாளம். கைல் என்பது குடலில் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்துகொண்டு நெஞ்சுக் குழாய் வழியாக ரத்தத்துக்குப் போகும் நிணநீர். அந்தக் குழாயிலிருந்து கசிந்து நெஞ்சுக்குள் தேங்கினால் பால் போலத் தெரியும்.

'எக்ஸுடேட்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அது வியாதியின் பெயரல்ல. செல்லும் புரோட்டீனும் குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டிவிட்டன என்று மட்டும் சொல்லும் ஒரு வகைப்பெயர். புரோட்டீன் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழும் செல் மிகச் சொற்பமாகவும் இருந்தால் டிரான்சுடேட் என்பார்கள். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்த நாய்களில் தண்ணீர் போல வரும் நீர் இந்த வகை. இரண்டும் கூடினால் எக்ஸுடேட். கைலில் கொழுப்பு இருப்பதால், கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் புரோட்டீன் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி 'இன்ஃபெக்‌ஷன்' என்று எழுதிக்கொடுப்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

கைலா என்று தீர்மானிக்க ஒரே ஒரு ஒப்பீடு போதும். எடுத்த நீரிலும், அதே வேளையில் எடுத்த ரத்தத்திலும் ட்ரைகிளிசரைடு பார்க்கச் சொல்லுங்கள். நீரில் 640, ரத்தத்தில் 70 என்று வந்தால் பேச்சே இல்லை, அது கைல். கொலஸ்ட்ராலையும் இரண்டிலும் பார்த்தால் அது எதிர்த்திசையில் இருக்கும்: நீரில் ரத்தத்தின் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோ. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டுமே இல்லை. நெஞ்சு நீர் பேக்கேஜ் என்று பல மனித லேப்கள் விற்பதில் காசநோயைத் தேடும் ஏடிஏ இருக்கும், ட்ரைகிளிசரைடு இருக்காது. பூனையின் நீரை அந்தப் பேக்கேஜில் தள்ளிவிட்டுக் கமிஷன் வாங்குபவர்கள் உண்டு. தனியாக ட்ரைகிளிசரைடு மட்டும் எழுதி வாங்கினால் செலவும் குறைவு.

சாம்பிள் எடுக்க வரும் பையனின் ஸ்கூட்டர் பெட்டியில் மத்தியானம் முழுக்க வெயிலில் கிடந்த நீரில் செல்கள் உடைந்துபோகும். பிறகு யார் பார்த்தாலும் நியூட்ரோஃபில் எது லிம்போசைட் எது என்று தெரியாது. நீர் எடுத்த இடத்திலேயே இரண்டு ஸ்லைடுகளில் இழுத்து உலர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி நீரில் ஊதா மூடி ஈடிடிஏ குழாய் செல்லுக்கு, சிவப்பு மூடிக் குழாய் ட்ரைகிளிசரைடுக்கு, கிருமி நீக்கிய குழாய் கல்ச்சருக்கு. ஸ்லைடைக் கால்நடை நோயியல் படித்தவர் பார்க்க வேண்டும். லிம்போசைட் சிறியதா, பெரிய புற்றுநோய் செல்லா என்பதை இயந்திரம் சொல்லாது. கல்ச்சரில் வளரவில்லை என்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். நெஞ்சுச் சீழில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் சாதாரணம், அவை வழக்கமான கல்ச்சரில் வளராது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். வெள்ளை நிறம் சாப்பிட்ட கொழுப்பிலிருந்துதான் வருகிறது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் அதே கசிவு இளஞ்சிவப்பாகவோ கிட்டத்தட்ட தெளிவாகவோ வரும். உடனே 'பார்த்தீர்களா, மருந்து வேலை செய்து சீழ் குறைந்துவிட்டது' என்பார்கள். குறையவில்லை. பட்டினியால் கொழுப்பு இல்லை, அவ்வளவுதான். பூனை தேறிச் சாப்பிட ஆரம்பித்ததும் மறுபடி பால் வரும். அப்படிப்பட்ட நாளில் நீரின் ட்ரைகிளிசரைடும் தாழ்ந்திருக்கும், ஆனாலும் பெரும்பாலும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் தனி எண்ணைப் பார்க்காமல் ஒப்பிடச் சொல்கிறேன். சந்தேகம் தீராவிட்டால், பூனை தானாக உணவு உண்ட நாளில் மறுபடி பாருங்கள். மூச்சு வாங்கும் பூனைக்கு நெய் ஊட்டிச் சோதிக்க வேண்டாம்.

ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் சிவப்பாக இருந்தாலே ரத்தக்கசிவு என்று சொல்ல முடியாது, சில துளிகளே நீரை நிறம் மாற்றிவிடும். சிவப்பணு எத்தனை பங்கு என்று காட்டும் ஹீமட்டோகிரிட்டை நீரிலும் பார்த்து, உடம்பு ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். பாதிக்கு மேல் என்றால் அது உண்மையில் ரத்தம். குழாயில் வைத்ததும் உறைந்தால் ஊசி நாளத்தைக் குத்தியிருக்கலாம். நெஞ்சில் பல மணி நேரம் தேங்கிய ரத்தம் பொதுவாக உறையாது. எலிமருந்து தின்ற நாய்களில் இந்த ரத்தக்கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

கைல் என்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கை ஏன் தொடர்கிறார்கள் என்று கேளுங்கள். சிறுநீர் பிரியும் ஊசியும் இதை வற்றவைக்காது, பூனைதான் வற்றிப்போகும். அடுத்து கேட்க வேண்டியது எதனால் கசிகிறது என்பது. இதய எக்கோவும் நெஞ்சின் முன்பகுதியில் கட்டி இருக்கிறதா என்ற ஸ்கேனும் அவசியம். பூனைகளில் இதய நோயே கைலைத் தேங்கவைக்கும், அது தெரிந்தால் மருத்துவமே வேறு. காரணம் ஒன்றும் அகப்படாவிட்டால், கொழுப்பு குறைந்த உணவு, ரூட்டின் மாத்திரை (வழக்கமாக ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, உங்கள் மருத்துவர் எழுதித்தர வேண்டும்), தேவைப்படும்போது மட்டும் நீர் எடுப்பது. சில பூனைகளில் கசிவு தானாக நிற்கும். நிற்காவிட்டால் நெஞ்சுக் குழாயைக் கட்டி, இதய உறையையும் அகற்றும் அறுவைச் சிகிச்சை. அதை வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. கைல் நீண்ட நாள் பட்டால் நுரையீரலின் மேல்தோல் தடித்து இறுகி, நீரை முழுவதும் எடுத்த பிறகும் நுரையீரல் விரியாது.

வீட்டில் பூனை அசந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ணி எழுதுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அடுத்த முறை நீர் எடுக்கும் நாள் வந்துவிட்டது. அன்று ஸ்லைடும் குழாய்களும் தயாராக இருக்கின்றனவா என்று கிளினிக்குக்கு முன்னரே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.