ரெண்டு பேர் சேர்ந்து கடை எடுக்கேக்க எழுத்தில இருக்கவேண்டியது

கேள்வி: அண்ணா, நானும் மச்சானும் சேர்ந்து லண்டன்ல ஒரு சின்ன கடை எடுக்கப்போறம். அவர் 60,000 பவுண்ஸ் போடுறார், நான் 20,000 தான், ஆனா முழுநேரமும் கடையில நிக்கப்போறது நான். லாபம் பாதி பாதி எண்டு வாயால கதைச்சு வச்சிருக்கம். எழுத்தில என்ன போடோணும்?

தம்பி, முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளும், நீங்கள் எழுதாமல் விட்டாலும் இங்க ஒரு டீட், அதாவது பங்கு ஒப்பந்தம், ஏற்கெனவே இருக்கு, அது 1890ஆம் ஆண்டின்ர பார்ட்னர்ஷிப் சட்டம். ரெண்டு பேர் சேர்ந்து லாபத்துக்குக் கடை நடத்தினாலே அது உங்களுக்குப் பொருந்தும். அதில என்ன இருக்கெண்டால் லாபமும் நட்டமும் சரிபாதி, கடையில நிக்கிறதுக்கு எந்தப் பாட்னருக்கும் தனிச் சம்பளம் இல்லை, போட்ட முதலுக்கு வட்டி இல்லை, கால எல்லை வைக்கேல்ல எண்டால் ஒருத்தர் நோட்டீஸ் குடுத்த உடனயே பார்ட்னர்ஷிப் முடிஞ்சுது. நீங்கள் எழுதுற டீட் இந்த நாலையும் மாத்தத்தான்.

லாபத்தில இருந்து வாறன். உம்மட நிலைமையில பாதி பாதி எண்டது ரெண்டு பேருக்கும் பொருந்தாது, உம்மட உழைப்புக்கும் கணக்கில்லை, அவற்ற காசுக்கும் கணக்கில்லை. நான் சொல்லுறது மூண்டு படியா எழுதுங்கோ எண்டு. முதல்ல வேலைக்கு, பிறகு முதலுக்கு, மிச்சத்தைத்தான் பாதி. ஒரு வருச லாபம் 72,000 வருது எண்டு வையும். வேலைக்கு உமக்கு 24,000, சனி ஞாயிறு வந்து நிக்கிற மச்சானுக்கு 6,000. முதலுக்கு 5 வீதம் எண்டால் அவருக்கு 3,000, உமக்கு 1,000. மிச்சம் 38,000, ஆளுக்கு 19,000. மொத்தத்தில உமக்கு 44,000, அவருக்கு 28,000. இதே கடை அடுத்த வருசம் 30,000 தான் உழைச்சால் வேலைக் காசோடயே எல்லாம் முடிஞ்சுது, வட்டிக்கு ஒண்டுமில்லை. அந்த வட்டி அடுத்த வருசத்துக்குப் போகுமோ இல்லாட்டி அப்பிடியே கழியுமோ எண்டதையும் ஒரு வரியில போடுங்கோ, ஏனெண்டால் சண்டை வாறது நல்ல வருசத்தில இல்லை, இப்பிடியான வருசத்திலதான்.

வேலைக்கு எண்டு எடுக்கிற அந்தக் காசு சட்டப்படி சம்பளம் இல்லை, லாபத்தில ஒரு பங்குதான், ஆனபடியா அதில மாதாமாதம் வரி பிடிக்கமாட்டினம், ஒவ்வொருத்தரும் வருச முடிவில தன்ர ரிட்டர்னில காட்டோணும். இன்னொண்டு, வரி வாறது கையில எடுத்த காசுக்கு இல்லை, உம்மட பங்குக்கு. லாபம் முழுக்க ஸ்டொக்கில போய் அடுக்குப் பட்டிருந்தாலும் வரி கட்டத்தான் வேணும். அதால மாதம் ஒருத்தர் எவ்வளவு எடுக்கலாம், வரிக்கெண்டு எவ்வளவு தனிக் கணக்கில போடுறது எண்டு டீட்டிலயே வையுங்கோ. கடையில இருந்து வீட்டுக்குக் கொண்டுபோற அரிசி, பால், சிகரெட் எல்லாம் ரில்லுக்குப் பக்கத்தில ஒரு கொப்பியில எழுதி அவரவர் கணக்கில பிடியுங்கோ. சின்ன விசயம் மாதிரிக் கிடக்கும், ஆனா "அண்ணி கிழமைக்கு ரெண்டு பேக் கொண்டுபோறா" எண்டதில இருந்துதான் எங்கட ஆக்களின்ர பங்குக் கடையள்ல அரைவாசிக் கதை துவங்குது. கடைக் காசில சீட்டுப் பிடிக்கிறேல்ல எண்டும் ஒரு வரி போடுங்கோ.

இனி விலகுறது. மினக்கெட்டு எழுதவேண்டிய இடம் இதுதான். 6 மாத நோட்டீஸ், முதல் ரெண்டு வருசம் ஒருத்தரும் விலகேலாது, மற்றவர் கடையை வாங்க முதல் உரிமை, இது மூண்டும் இருக்கட்டும். ஆனா உண்மையான பிரச்சினை விலை. விலகுற நேரம் விலை பேசினால் விலகுறவர் கூட்டிச் சொல்லுவார், நிக்கிறவர் குறைச்சுச் சொல்லுவார், அதால எப்பிடி மதிக்கிறது எண்டதை இப்பவே எழுதோணும்: ஸ்டொக்கை வெளி ஆள் ஒருத்தர் எண்ணி வாங்கின விலையில, ஃபிரிஜ், ராக்கையளை அண்டைய விலையில, கடையின்ர பெயருக்கும் வாடிக்கைக்கும் உள்ள மதிப்பான குட்வில்லை ஒரு ஃபோர்முலாவில.

உதாரணத்துக்கு ஸ்டொக் 30,000, சாமான்கள் 10,000, குட்வில் 40,000, லீஸ் டெப்போசிட் 6,000, எல்லாம் 86,000. கேஷ் அன் கரிக்கும் வற் கணக்குக்கும் கடன் 14,000. மிச்சம் 72,000. இதைப் பாதியாப் பிரிச்சால் ஆளுக்கு 36,000, அப்ப 60,000 போட்டவர் 24,000ஐ இழக்கிறார், நீர் 16,000 கூட எடுக்கிறீர். முதல் அவரவருக்குத் திரும்பும், குறையிறதை மட்டும் பாதி எண்டு எழுதியிருந்தால் 8,000 நட்டத்தில ஆளுக்கு 4,000, அவருக்கு 56,000, உமக்கு 16,000. இப்ப அவர் விலகுறார் எண்டால் அந்த 56,000ஐ ஒரே தரத்தில தரச்சொன்னால் நீர் கடையைத்தான் விக்கவேணும். 16,000 கையில, மிச்சம் மாதம் 2,000 படி 20 மாதம், இப்பிடித் தவணையா எழுதினால்தான் கடை நிக்கும். கணக்கு முடிக்காமல் நீர் பாட்டுக்கு நடத்தினால், அவற்ற காசு கடையில கிடக்கிற வரைக்கும் அதால வந்த லாபத்தில பங்கோ இல்லாட்டி 5 வீத வட்டியோ, தான் விரும்பினதைக் கேக்க சட்டம் அவருக்கு உரிமை குடுக்குது.

காசை வாங்கிக்கொண்டு போனவரும் முழுக்கத் தப்பேல்ல. லீசில ரெண்டு பேர்ர பெயரும் இருந்தால் லாண்ட்லோர்ட் எழுத்தில விடுவிக்கிற வரைக்கும் வாடகைக்கு அவரும் பொறுப்பு. பழைய சப்ளையருக்கு அறிவிக்காமல் விட்டால், விலகின பிறகு எடுத்த சரக்கையும் அவர் தலையில போடலாம். அதால நாள் குறிச்சு எல்லாருக்கும் கடிதம் அனுப்புறது, London Gazette இல ஒரு அறிவித்தல் போடுறது, நிக்கிறவர் கடனுகளைப் பொறுப்பெடுக்கிறது எண்டு எழுதுங்கோ. சாராயம் விக்கிறதெண்டால் லைசன்ஸ் ஆற்ற பெயரில இருக்கு எண்டதையும் பாருங்கோ.

ஒருத்தர் செத்தால் வேற மாதிரி எழுதேல்ல எண்டால் பார்ட்னர்ஷிப் அண்டைக்கே கலைஞ்சுது. உம்மட விசயத்தில மற்றப் பக்கம் நிக்கப்போறது உம்மட அக்காவோ தங்கச்சியோ, கதைக்கவே கஷ்டம். கடை தொடரும், மனிசிக்கு மேல சொன்ன ஃபோர்முலாப்படி தவணையில காசு போகும் எண்டு எழுதி, ஆளுக்கொரு லைஃப் இன்சூரன்சும் எடுங்கோ.

பிணக்கு எண்டு வந்தால், ரெண்டு பேர் எண்டபடியா பெரும்பான்மை எண்ட ஒண்டு இல்லை, ஒருத்தர் மாட்டன் எண்டால் அதோட நிண்டுபோம். கணக்குப் பிணக்கு வேற, மனப் பிணக்கு வேற எண்டு பிரியுங்கோ. கணக்குக்கு, ரெண்டு பேருக்கும் வேலை செய்யாத ஒரு அக்கவுண்டனின்ர சொல்லே முடிவு. மற்றதுக்கு 14 நாளில இருந்து கதைக்கிறது, பிறகு மீடியேஷன், அதுவும் சரிவரேல்ல எண்டால் ஒரு ஆர்பிட்ரேட்டர். கோயில் தலைவரையோ பெரியப்பாவையோ சமாதானம் பேசக் கூப்பிடலாம், தீர்ப்புச் சொல்ல விடாதேங்கோ, அவை ஒருத்தருக்கு உறவாத்தான் இருப்பினம். அப்பவும் முடியேல்லயோ, ஒருத்தர் கடைக்கு ஒரு விலை சொல்லட்டும், அந்த விலைக்கு வாங்கிறதோ விக்கிறதோ மற்றவர் தெரிவு செய்யட்டும். இதில காசுள்ளவருக்குத்தான் வசதி, உம்மட கை சின்னது, அதால முடிவெடுக்கவும் கடன் ஒழுங்கு பண்ணவும் 90 நாள் கேட்டு வாங்கும்.

எழுதுவிக்கேக்க ஆளுக்கொரு சொலிசிற்றர் பிடியுங்கோ, ஒருத்தரே ரெண்டு பேருக்கும் எழுதினார் எண்டால் நாளைக்கு அதையே குறையாச் சொல்லுவினம். சாட்சிக் கையெழுத்துக்கு வீட்டு ஆக்களைப் போடாமல் வெளி ஆளைப் போடுங்கோ, லீசில கையெழுத்து வைக்க முதல் இது முடிஞ்சிருக்கோணும்.