22 யூனிட் கூடினால் 399 ரூபாய் ஏறுமா?

கேள்வி: அண்ணா, கோத்தகிரியில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். டிசம்பர் 9-ல் கரண்ட் ரீடிங் எடுத்தபோது 490 யூனிட், 1,742 ரூபாய். பிப்ரவரி 11-ல் 512 யூனிட், 2,141 ரூபாய். 22 யூனிட்டுக்கு 399 ரூபாயா? பொங்கலுக்கு நாலு நாள் மேட்டுப்பாளையம் போயிருந்தோம், இந்த முறை கம்மியாகத்தான் ஓட்டினோம். மீட்டர் ஓடுகிறதா, கணக்கு தப்பா?

கணக்கு தப்பில்லை. கம்மியாகத்தான் ஓட்டினோம் என்று நீங்கள் சொல்வதும் சரிதான். இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்கும் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நம் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாத யூனிட்டை மொத்தமாக எடுத்து, அடுக்கு அடுக்காக விலை போடுகிறார்கள். இந்த அடுக்கைத்தான் ஸ்லாப் என்கிறோம். 2024 ஜூலை 1 முதல் வந்த விலையை வைத்துச் சொல்கிறேன். 2025 ஜூலையில் நடந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் அப்போது நம் விலை மாறவில்லை. முதல் 100 யூனிட்டுக்குக் காசு கிடையாது. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இது மானியம் போக நம் கையிலிருந்து போகிற விலை. 2022-ல் நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டதால் தனியாக வேறு எதுவும் இதில் சேராது.

உங்கள் 490-ஐ இதில் போட்டுப் பாருங்கள். முதல் நூறு இலவசம், இரண்டாவது நூறுக்கு 235, அடுத்த 200 யூனிட்டுக்கு 940, மிச்சம் 90 யூனிட்டுக்கு 567. கூட்டினால் 1,742.

இப்போது 512. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 500-க்கு மேலே போன அந்த 12 யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை என்று நினைக்கிறோம். இன்னும் சிலர் நேர் எதிராக, 500 தாண்டினால் எல்லா யூனிட்டும் 8.40 ஆகிவிடும் என்று பயந்துபோய் இருக்கிறார்கள். இரண்டுமே இல்லை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அட்டவணையே வேறாகிவிடுகிறது, அந்த அட்டவணையில் 101 முதல் 200 வரைக்குமான 2.35 என்கிற பாதி விலை கிடையாது, அந்த நூறுக்கும் 4.70 போட்டுவிடுவார்கள். முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும். 401 முதல் 500 வரை அதே 6.30, 501 முதல் 600 வரை 8.40.

ஆக 512-க்கு: 101 முதல் 400 வரை 300 யூனிட், 1,410 ரூபாய். அடுத்த நூறு 630. கடைசி 12 யூனிட் 100.80. மொத்தம் 2,140.80, அதை முழு ரூபாயாக்கி 2,141.

கூடுதலாக வந்த 399-ல் நீங்கள் நிஜமாகக் கூடுதலாக எரித்த 22 யூனிட்டின் விலை 164 ரூபாய்க்குள்தான் (10 யூனிட் 6.30-ல், 12 யூனிட் 8.40-ல்). மீதி 235 ரூபாய், எப்போதோ எரித்துவிட்ட அந்த இரண்டாவது நூறுக்குப் பாதி விலை போனதால் வந்தது. சரியாக 500-ல் நின்றிருந்தால் 1,805 ரூபாய், 501 என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டில் 243 ரூபாய். இந்தப் படி எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கட்டண உத்தரவில் இருப்பது இதுதான், பில் அதன்படிதான் வரும்.

சரி, கம்மியாக ஓட்டியும் ஏன் 512 வந்தது? தேதியைப் பாருங்கள். போன பில் அக்டோபர் 10 முதல் டிசம்பர் 9 வரை என்றால் 60 நாள், ஒரு நாளைக்கு 8.2 யூனிட். இந்தப் பில் டிசம்பர் 9 முதல் பிப்ரவரி 11 வரை, 64 நாள், ஒரு நாளைக்குச் சரியாக 8 யூனிட். நீங்கள் உண்மையில் குறைத்துத்தான் இருக்கிறீர்கள்! ரீடிங் எடுக்கிறவர் 60-ஆம் நாள், அதாவது பிப்ரவரி 7-ஆம் தேதி வந்திருந்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். நாலு நாள் தள்ளி வந்ததில் 32 யூனிட் சேர்ந்து, அது உங்களை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

அடுத்த பில்லில் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். யூனிட் சரியாகும், காசு சரியாகாது. ஏப்ரல் 8-ல் வழக்கப்படி வந்தால் 56 நாள், 448 யூனிட், 1,477 ரூபாய். இரண்டு பில்லும் சேர்த்து 3,618. இரண்டுமே 60 நாளாக இருந்திருந்தால் 3,358 போதும். அந்த 260 ரூபாய் திரும்பி வராது.

இதற்கு என்ன செய்யலாம்? அடுத்த முறை 60-ஆம் நாளன்று காலையில் மீட்டரை போனில் படம் எடுத்து வையுங்கள், திரையில் kWh என்று வருகிற எண் தெளிவாக விழ வேண்டும் (டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும், அவசரத்தில் வேறு எண்ணை எடுத்துவிடக் கூடாது). ரீடிங் தள்ளிப்போய் அதனால் 500 தாண்டினால், படத்தோடு உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றித் தருவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கையில் படம் இல்லாமல் போனால் பேசவே வழியில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: இருந்தாலும் மீட்டர் மேல் சந்தேகம் போகவில்லை. வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் வீட்டு மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு மீட்டரில் சிமிட்டுகிற சின்ன சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். தொடர்ந்து சிமிட்டினால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ, எதுவோ மின்சாரம் எடுக்கிறது என்று பொருள். மழையில் ஊறின பழைய வயராக இருக்கலாம், பக்கத்துப் போர்ஷன் உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். நம் பக்கத்தில் ஒரு வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்ட இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மீட்டரின் முகத்தில் 3200 imp/kWh என்பது போல ஒன்று அச்சிட்டிருக்கும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடின் சுருள் பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் முழுக வைத்துப் போடுங்கள். ராடு ஓடும்போது வாளியில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 80 முறை சிமிட்ட வேண்டும். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 40. வோல்டேஜ் குறைவாக இருந்தால் எண்ணிக்கை நன்றாகவே குறையும். 200 வோல்ட் மட்டும் வந்தால் அந்த ராடு 1,100 வாட் சொச்சம்தான் இழுக்கும், அறுபது சிமிட்டல்தான் வரும், அது மீட்டர் கோளாறு இல்லை. 3200 மீட்டரில் நூறுக்கு மேல் வந்தால்தான் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

கேள்வி: ஃபேன், ஏசி எதுவும் கிடையாது. அப்புறம் எங்கேதான் போகிறது இத்தனை யூனிட்? 500-க்குள் எப்படி நிற்பது?

தண்ணீர் சுடவைப்பதில் போகிறது. ஜனவரியில் உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் காலைத் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 18 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.59 யூனிட் வேண்டும். அதே வாளி மேட்டுப்பாளையத்தில் 25 டிகிரியிலிருந்து தொடங்கினால் 0.31 போதும். நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி, நாளைக்கு 2.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 140. கீசரைக் காலையில் போட்டுவிட்டு ராத்திரி வரை அணைக்காத வீடுகளில் தொட்டியின் சூடு குளிர்காற்றில் இறங்க இறங்க அது திரும்பத் திரும்ப ஓடும், அது இதற்கு மேலே. ரூம் ஹீட்டர் 2000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட், அதைச் சொல்லவே வேண்டாம்.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். 500-ஐ 60-ஆல் வகுக்காதீர்கள், ரீடிங் தள்ளிப்போகும் என்றே வைத்து 64-ஆல் வகுங்கள், நாளைக்கு 7.8 யூனிட் வரும். 45-ஆம் நாள் மீட்டரைப் பார்த்து, பில்லில் இருக்கிற போன ரீடிங்கைக் கழியுங்கள். 350-க்குள் இருந்தால் கவலை இல்லை. 380 என்று வந்தால் கையில் 120 யூனிட், இன்னும் 19 நாள் இருக்கலாம், நாளைக்கு 6.3 யூனிட்டில் ஓட்ட வேண்டும். அந்த 19 நாள் மட்டும் ஹீட்டரை எடுத்து வைத்துவிட்டு, கீசரைக் குளிக்கும் முன் போட்டுக் குளித்ததும் அணைத்தால் பெரும்பாலும் முடியும்.

45-ஆம் நாளே 450 தொட்டுவிட்டது என்றால் 500-க்குள் நிற்க முடியாது, அதற்காக வயதானவர்களையும் பிள்ளைகளையும் குளிரில் வைக்காதீர்கள். படி தாண்டியாயிற்று, அதற்குமேல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 மட்டும்தான்.